கூடிப் படிப்போர்க்கு ஒரு சொல்

பரீட்சை அண்மிக்குங்கால் மாணாக்கர் ஐவர் அறுவராய்க் கூடிப் படித்தல் நன்றே. ஆயினும், "சனிக்கிழமை வாருங்கள், இலக்கணம் படிப்போம்" என்னும் அழைப்பு மட்டும் போதாது என்பது எமது கருத்து.

அத்தகைய கூட்டமொன்றை யாம் கண்டோம். ஐவர் கையிலும் இருந்தது வகுப்பில் யாம் எழுதுவித்த ஒரே குறிப்பு; வினாத்தாள் ஒருவரிடமும் இல்லை. புணர்ச்சி முழுவதையும் தொட்டு, ஒன்றையும் முடியாது எழுந்தனர்.

மறுவாரம் தொடக்கம் 3 மணி, முடிவு 4.30 எனக் குறித்தனர். பொருள் மகரவீற்றுப் புணர்ச்சி மட்டுமே. ஒருவர் விதிகளையும், ஒருவர் உதாரணங்களையும், இருவர் சென்ற ஆண்டு வினாக்களையும் கொணர்ந்தனர்; எஞ்சியவர் தாம் பிழைவிட்ட பயிற்சிக் கொப்பியைக் கொணர்ந்தார். எவர் எதைக் கொணர்வதென வெள்ளியன்றே எழுதிவைத்தமையால் ஒன்றும் இரட்டிக்கவில்லை.

விதி கொணர்ந்தவர் ஏட்டை மூடிவைத்து, மரம் + கிளை 'மரக்கிளை' ஆவதை விளக்கினார். மரம் + குறிது 'மரங்குறிது' ஆவதேன் என வினவியபோது தடுமாறினார். முன்னையது ஆறாம் வேற்றுமைத் தொகை, பின்னையது எழுவாய்த் தொடர் என விடுவித்தவர், அதே இடத்தில் முன்னர்ப் பிழைவிட்ட கொப்பிக்காரரே!

ஆதலின், நல்ல குறிப்போடு பிழைக்கொப்பியும் ஒருவர் பங்காதல் வேண்டும். வர இயலாதவர் தம் பங்கை முதனாள் மாலையே அயலவரிடம் கொடுத்தனுப்புக. அவர் வராமை பொறுக்கத்தக்கது. குறிப்பு வராமை ஏனைய நால்வரின் மாலையையும் கெடுக்கும்.