ஒன்றரைப் பேர் ஒரு பேராகும் கணக்கு

சனிக்கிழமை பறித்த கொழுந்து திங்கட்கிழமை வரை காத்திருக்காது. இரவு முழுக்க வாட விட்டு, ஞாயிறு காலையில் அரைத்தே ஆக வேண்டும். அதனால்தான் மலையில் ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்டோரில் ஆள் நிற்கிறார்கள். காவலுக்கும் ஞாயிறு கிடையாது. இந்த வேலை வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. அதற்கான கூலி எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

ஞாயிறும் போயாவும் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழமை. அது அந்த மாதச் செக்ரோலில் ஏறி, அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குள் கைக்கு வர வேண்டும். ஆனால் சில தோட்டங்களில் இப்போது வேறு ஒரு பழக்கம் நுழைந்திருக்கிறது. ஞாயிறு வேலையைச் செக்ரோலில் போடாமல், ஆபீசில் தனியாக ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். “காசுக்குப் பதிலாக லீவு. வேண்டியபோது ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் விட்டதை வருடக் கடைசியில் காசாகத் தருவோம்” என்கிறார்கள். லியு லீவு என்று அதற்குப் பெயர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நம்மில் சிலரும் அதை விரும்புகிறார்கள். மாதா மாதம் வரும் சில்லறை அரிசிக்கும் மாவுக்கும் போய்விடும், டிசம்பரில் மொத்தமாக வந்தால் ஜனவரியில் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கலாம் என்று சொல்கிறார்கள். அந்த எண்ணத்தில் தவறில்லை. சிக்கல், காசாக மாற்றும்போது போடுகிற கணக்கில் இருக்கிறது.

ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு சகோதரியின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத்தின் பெயரும் அவருடைய பெயரும் இங்கே வேண்டாம். அந்த வருடம் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அவர் பன்னிரண்டு ஞாயிறு வேலை செய்திருக்கிறார். நான்கு நாள் லீவு எடுத்திருக்கிறார். மீதி எட்டு நாள். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. செப்டம்பரில் வந்த வர்த்தமானியோடு அது 1,350 ஆனது. டிசம்பர் கடைசியில் அவர் கையில் வந்தது 8,000 ரூபா. “எட்டு நாள், நாளுக்கு ஆயிரம். வேலை செய்த காலத்துச் சம்பளப்படி கணக்கு சரியாகத்தான் இருக்கிறது” என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள்.

வேலை செய்த காலத்துச் சம்பளப்படி என்றால், அந்தக் காலத்தில் ஒரு ஞாயிறின் விலை 1,000 ரூபா அல்ல, 1,500 ரூபா. அந்தந்த மாதமே கொடுத்திருந்தால் எட்டு ஞாயிறுக்கு 12,000 ரூபா அவர் கைக்கு வந்திருக்கும். எட்டு மாதமும் அதற்கு மேலும் காத்திருந்ததற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, நாலாயிரம் ரூபா குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒன்றரையை ஒன்று என்று எழுதினால் நாம் பிழை போடுவோம். ஆபீசில் அதே பிழைக்கு ரப்பர் முத்திரை குத்துகிறார்கள்.

சரி, புதிய சம்பளத்தின்படி கொடுத்தால் போதுமா என்று கேட்கலாம். எட்டு நாளுக்கு 1,350 வீதம் 10,800 ரூபா. சம்பளம் 350 ரூபா கூடிய பிறகும்கூட அது 12,000க்குக் குறைவுதான். ஏனென்றால் அந்த அரைப் பேர் இன்னமும் கணக்கில் இல்லை.

அவர் எடுத்த நான்கு நாள் லீவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அது சரியாகக் கிடைத்துவிட்டது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஞாயிறு வேலை செய்தார், அதற்குக் காசு இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை வீட்டில் இருந்தார், அதற்கு ஆயிரம் ரூபா போட்டார்கள். ஆக, ஒரு ஞாயிறு முழுக்க உழைத்ததற்கு ஒரு நாள் சம்பளம் வந்தது, அரை நாள் சம்பளம் அங்கேயும் காணாமல் போனது. லீவை எடுத்தாலும் அரைப் பேர் நட்டம், எடுக்காவிட்டாலும் அரைப் பேர் நட்டம். லியு லீவு என்ற பெயரில் ஒன்றரைப் பேரை ஒரு பேராகக் குறைக்கிறார்கள். சம்பள நிர்ணய சபை தீர்மானித்ததற்குக் குறைவாக வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று ஒருவர் கையெழுத்தே போட்டிருந்தாலும், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி அது செல்லாது. “நீங்கள்தானே ஒத்துக்கொண்டீர்கள்” என்ற பேச்சுக்கு நாம் பயப்படத் தேவையில்லை.

இதற்கு நாம் கேட்பது சிக்கலானது அல்ல. ஞாயிறு வேலை செய்தால் அரைப் பேரை அந்த மாதச் சம்பளத்திலேயே போட்டுவிட வேண்டும். மீதி ஒரு பேர் மட்டும் லீவாக இருக்கட்டும். டிசம்பரில் அந்த லீவு மிஞ்சினால் டிசம்பர் மாதத்துச் சம்பளப்படி காசாக வேண்டும். அந்தச் சகோதரிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு அரைப் பேருக்கு அந்தந்த மாதமே 4,000 ரூபா, டிசம்பரில் 10,800 ரூபா, மொத்தம் 14,800. பழைய நாளுக்குப் புதிய சம்பளமா என்று துரைமார் முகம் சுளிப்பார்கள். அவர் அந்த எட்டு நாளையும் டிசம்பரிலேயே லீவாக எடுத்து வீட்டில் இருந்திருந்தால் நிர்வாகம் நாளுக்கு எவ்வளவு கொடுத்திருக்கும்? 1,350தான். வீட்டில் இருந்தவருக்குக் கொடுப்பதை, லீவை விட்டுக்கொடுத்து ஸ்டோரில் நின்றவருக்குக் கொடுக்க என்ன கஷ்டம்?

அந்த 8,000 ரூபாயைச் சம்பளச் சீட்டில் என்ன பெயரில் போட்டார்கள் என்று பார்த்தோம். ‘வருட இறுதி ஊக்கத்தொகை’ என்று இருந்தது. அந்தப் பெயர் தற்செயலாக வந்ததல்ல என்று நினைக்கிறோம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில், நிதிக்குப் பணம் கட்ட வேண்டிய சம்பளத்துக்குள் விடுமுறை நாளுக்கான கொடுப்பனவும் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. எடுக்காத லீவுக்குக் கொடுக்கும் காசு விடுமுறைக்கான காசுதான். அதற்கு நிர்வாகம் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12ம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3ம் கட்ட வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. 10,800 ரூபாய்க்கு அது 1,620 ரூபா. நம்முடைய பங்கு நூற்றுக்கு 8 கழியும். அதனால் கையில் வருவது கொஞ்சம் குறையும் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணம் அது, முணுமுணுக்க வேண்டாம். டிசம்பர்ச் சீட்டில் அந்தத் தொகைக்கு நேரே ‘லீவு’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊக்கத்தொகை, மேலதிக நேரம், அன்பளிப்பு என்று இருந்தால் சீட்டை மடித்து வைக்காமல் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள்.

வருடம் முடியுமுன் போகிறவர்களின் கதை இதைவிட மோசம். “வருடக் கடைசியில்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, டிசம்பரில் செக்ரோலில் பெயர் இருப்பவருக்கு மட்டும்தான் என்று சொல்கிறார்கள். ஒருவர் அக்டோபரில் ஓய்வு பெற்றால் அவருடைய ஞாயிறுகள் கொப்பியோடு போய்விடுகின்றன. இறந்தவரின் குடும்பத்துக்கு அப்படி ஒரு கொப்பி இருப்பதே தெரியாது. வேலையிலிருந்து விலகும் நாளிலேயே மிஞ்சிய லீவைக் காசாக்க வேண்டும் என்று எழுத்தில் வராத எந்த ஏற்பாட்டுக்கும் நமது தோட்டக் கமிட்டிகள் தலையாட்டக் கூடாது.

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. டிசம்பர் 31 என்ற திகதி அவர்களுடைய சட்டத்தில் உண்மையாகவே இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி தைப்பொங்கல், மே தினம், நத்தார் போன்ற சட்ட விடுமுறை நாளில் வேலை வாங்கினால், அந்த வருடம் டிசம்பர் 31க்குள் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாளுக்கு இரட்டிப்புச் சம்பளம் கொடுக்க வேண்டும். தோட்டத்து நிர்வாகிகள் அந்தச் சட்டத்திலிருந்து திகதியை மட்டும் கடன் வாங்கி, இரட்டிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறது. கடையில் வாராந்த லீவு ஒன்றரை நாள் என்பதும் அதே சட்டம்தான். பொங்கலுக்கு வர முடியாமல் கடையில் நின்ற பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, “அந்த நாளுக்கு லீவு கிடைத்ததா, காசு கிடைத்ததா?” என்று கேளுங்கள். கேட்டால்தான் அதுவும் முதலாளியிடம் கேட்கும்.

தோட்டத்தில் இருக்கும் நாம் செய்ய வேண்டியது சொந்தமாக ஒரு கொப்பி வைப்பது. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியில் மிஞ்சிய தாள் போதும். ஞாயிறின் திகதி, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தோம், வரச் சொன்னது யார் என்று அன்று இரவே எழுத வேண்டும். எழுத வராவிட்டால் பிள்ளை எழுதட்டும். மாதம் ஒரு முறை ஆபீஸ் கொப்பியோடு ஒத்துப் பார்த்து, அங்கே இருப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தர மறுத்தால், மறுத்த திகதியையும் எழுதி வையுங்கள்.

லீவு கேட்பதையும் எழுத்தில் கேளுங்கள். கொழுந்து கொட்டும் மாதத்தில், “இப்போது ஆள் இல்லை, பிறகு பார்ப்போம்” என்பார்கள். டிசம்பரில் அதே வாய், “நீங்கள்தான் எடுக்கவில்லையே” என்று சொல்லும். கேட்ட கடிதத்தின் பிரதி ஒன்று கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. லீவு கிடைத்தால் எடுத்துவிடுங்கள் என்பதுதான் நமது அபிப்பிராயம். ஏழு நாளும் ஸ்டோரில் நின்ற காலுக்கு ஒரு நாள் வேண்டும். காசு, லீவு தர முடியாமல் போனதற்கான ஈடாகத்தான் இருக்க வேண்டும்.

நவம்பர் மாதச் சம்பளம் முடிந்ததும் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இந்தக் கொப்பிகளைச் சேர்த்து, ஆள் ஆளாக எத்தனை நாள் மிஞ்சியிருக்கிறது என்ற பட்டியலைத் துரையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரதி சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும். டிசம்பர் நடுப்பகுதிக்குள் பதில் வராவிட்டால், அந்தப் பட்டியலும் சம்பளச் சீட்டுகளும் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கு முறைப்பாட்டோடு போகும்.