வலி நின்றால் போதுமா?

நுழையும்முன்

ஓடும்போது தசை கிழிவது விளையாட்டில் நேரக்கூடியதே. கிழிந்த தசை ஆறுமுன் மீண்டும் ஓடி, அதே இடத்தில் மறுபடியும் கிழிய விடுவது தவிர்க்கக்கூடியது. களத்திற்குத் திரும்பும் நாளை எதைக் கொண்டு முடிவு செய்வது, அம்முடிவில் ஆசிரியரின் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறுவட்டப் போட்டிக்கு ஐந்து வாரங்களே உள்ளன. இருநூறு மீட்டர் ஓட்டத்திற்குப் பயிற்சி பெறும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வளைவைக் கடந்து நேர்தடத்தில் முழு வேகத்தில் வருகிறாள். பின்தொடையில் கல்லடி பட்டாற்போலச் சுரீரென்று ஒரு வலி. இரண்டு எட்டு நொண்டி நிற்கிறாள். சூழ நின்றோர் அதைச் சுளுக்கு என்கின்றனர். எண்ணெய் தேய்த்து வழித்துவிட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர்.

அது சுளுக்கன்று. மூட்டு எலும்புகளைப் பிணைக்கும் நார்களில் ஏற்படுவது சுளுக்கு, இது தசைக்கிழிவு. விரைந்து ஓடுகையில் கால் முன்னோக்கி வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பின்தொடைத் தசைகள் அவ்வீச்சைத் தடுத்து நிறுத்த வேண்டும். அந்நொடியில் அவை நீண்டுகொண்டே விசை செலுத்துகின்றன. தாங்கும் அளவை விசை மிஞ்சும்போது தசையிழைகள் அறுகின்றன. இவ்விளக்கத்தை நினைவிற்கொண்டால், பின்வரும் ஒவ்வொரு நிலையின் காரணமும் தெளிவாகும்.

முதல் நிலை: காத்தல்

முதல் இரண்டு மூன்று நாள்களில் ஆசிரியரின் முதற்பணி, செய்யக் கூடாதவற்றைத் தடுப்பது. அறுந்த இழைகளிலிருந்து உள்ளே குருதி கசியும் நேரத்தில் அழுத்தித் தேய்த்தலும் வெந்நீர் ஒத்தடமும் கசிவைப் பெருக்கும். காலை இழுத்து நீட்டிப் பார்ப்பது கிழிவை விரிக்கும். மீள்தன்மையுள்ள கட்டுத்துணியை அளவாகச் சுற்றுவதும், காலை உயர்த்தி வைப்பதும், துணியில் பொதிந்த பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து வலியைத் தணிப்பதும் போதும்.

யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிவது அடுத்த பணி. நான்கு எட்டு நடக்க இயலாமை, தொடையில் கைக்குத் தட்டுப்படும் பள்ளம், விரைவாகப் பரவும் கருநீலம் ஆகியவை பெருங்கிழிவின் அறிகுறிகள். வளரிளம் பருவத்தினரிடம் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். உட்காரும்போது தரையில் படும் இடுப்பெலும்பின் முனை இப்பருவத்தில் முழுமையாக இணைந்திராது. தசை கிழிவதற்கு மாறாக, அது பற்றியுள்ள எலும்புத்துண்டே பெயர்ந்துவிடலாம். வலி பிட்டத்தின் அடியில் இருந்தால் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பதே முறை. நம் மாணவிக்கு வலி தொடையின் நடுவில் இருந்தது. மெல்ல நடக்கவும் முடிந்தது. மருத்துவர் மிதமான கிழிவு என்றார்.

இரண்டாம் நிலை: மெல்ல அசைத்தல்

இங்கு நேரும் பிழை முந்தையதற்கு எதிரானது. அஞ்சிய பெற்றோர் மகளை இரண்டு வாரம் கட்டிலில் கிடத்திவிட எண்ணுவர். தொடை அல்லது கெண்டைத் தசை கிழிந்த பொழுதுபோக்கு விளையாட்டாளர் ஐம்பதின்மரிடம் டென்மார்க்கில் நிகழ்ந்த ஆய்வொன்று 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. காயமுற்ற இரண்டாம் நாளில் பயிற்சி தொடங்கியோர், ஒன்பதாம் நாளில் தொடங்கியோரைவிட ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகக் களம் திரும்பினர். ஆறும் தசை, தான் தாங்கவிருக்கும் சுமையைச் சிறிது சிறிதாக உணர்ந்தே வலுப்பெறுகிறது.

எனவே மூன்றாம் நாளிலிருந்து மாணவி வலியின்றி நடக்கிறாள். மல்லாந்து படுத்து, முழங்காலைச் சிறிது மடக்கி, குதிகாலைத் தரையில் ஐந்து நொடி அழுத்தி விடுகிறாள். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஆசிரியர் எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறார். வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிட வேண்டும். பயிற்சியின்போது மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் ஒருபடி இறங்க வேண்டும். இம்மதிப்பெண்ணை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதச் செய்வது இந்நிலையில் ஆசிரியரின் தலையாய கடமை. பயிற்சி நேரத்தில் அவள் ஓரத்தில் தனித்திருக்காமல் தோழியரின் ஓட்ட நேரத்தைக் குறிப்பவளாகக் களத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாம் நிலை: வலுவூட்டல்

இரண்டாம் வாரத்தில் இயல்பான நடை திரும்புகிறது. வலி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இடர் மிகுந்த காலம் இதுவே. வலி நின்றதை ஆறியதாகக் கருதி ஓடுவோரே மீண்டும் கிழித்துக்கொள்கின்றனர். தசை நீளும்போது தாங்காமல் கிழிந்தது. ஆகவே நீண்டபடியே விசை செலுத்தும் திறனை அது மீட்டாக வேண்டும். இடுப்பை உயர்த்தும் பாலப் பயிற்சியை முதலில் இரு காலாலும், பின்னர் ஒரு காலாலும் செய்கிறாள். அதன்பின், முழந்தாளிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னே சாய்க்கும் நோர்டிக் பயிற்சி தொடங்குகிறது. இடையிடையே மெல்லோட்டமும் உண்டு.

நான்காம் வாரத் தொடக்கத்தில், "இப்போது வலியே இல்லை ஐயா, போட்டியில் என் பெயரைக் கொடுங்கள்" என்கிறாள் மாணவி. ஆசிரியர் வாதிடுவதில்லை, சோதிக்கிறார். மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலை நாற்காலிமேல் ஊன்றி, இடுப்பைச் சோர்வுறும்வரை உயர்த்தி இறக்கச் சொல்கிறார். நலமான காலால் இருபத்தைந்து முறை செய்தவள், காயமுற்ற காலால் பதினான்கோடு நிற்கிறாள். வலி சொல்லாததை எண்ணிக்கை சொல்லிவிட்டது.

நான்காம் நிலை: ஓட்டத்திற்குத் திரும்புதல்

இரு கால்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒத்த பின்னரே விரைவோட்டம். முழு வேகத்தில் அறுபது விழுக்காட்டில் தொடங்கி, எழுபது, எண்பது, தொண்ணூறு என ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு அமர்வுகள் இடரின்றி முடிந்த பிறகே அடுத்தது. முதலில் நேர்தடம், பின்னர் வளைவு, இறுதியில் துப்பாக்கி ஒலிக்கேற்ற புறப்பாடு. இங்கு ஆசிரியர் நிறுத்துக்கடிகாரத்தை மட்டுமன்றி முகத்தையும் பார்க்க வேண்டும். எட்டைச் சுருக்குவதும், வளைவில் தயங்குவதும், ஓடி முடித்ததும் கை தொடையைத் தேடுவதும், உடல் இன்னும் தன்னை நம்பவில்லை என்பதற்குச் சான்றுகள். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓட ஒருநாளும் இடந்தரலாகாது. அது காயத்தை ஆற்றாமல் எச்சரிக்கையை மட்டும் அணைக்கிறது.

அவ்வாண்டுக் குறுவட்டப் போட்டியில் அவள் ஓடவில்லை. குறுவட்டத்தில் வென்றால்தான் மாவட்டத்தில் ஓட முடியும் என்பதால் இழப்பு சிறிதன்று. உசேன் போல்ட் 2016ஆம் ஆண்டு பின்தொடைக் கிழிவால் ஜமைக்காவின் தேர்வுப் போட்டியிலிருந்து விலகினார். மருத்துவ விலக்கு வழியாகவே அணியில் இடம்பெற்று, ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பள்ளி மாணவிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லாதபோது, "இப்போது வேண்டா" என்னும் சொல்லின் சுமையை அவள்மீது ஏற்றுவது அறமன்று. அதைச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் குறிப்பேட்டைக் காட்டி விளக்க வேண்டியவரும் அவரே.

திரும்பிய பின்

ஏழாம் வாரத்தில் அவள் முழு வேகத்தில் இருநூறு மீட்டர் ஓடினாள். ஆசிரியரின் பணி அத்துடன் முடியவில்லை. ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழியும் வாய்ப்பு மிகுதி. அவ்வாறு நேர்வது திரும்பிய முதற்சில வாரங்களிலேயே அதிகம். ஆகவே வாரம் இருமுறை நோர்டிக் பயிற்சி பருவம் முழுவதும் தொடர்கிறது, குறிப்பேடும் மூடப்படவில்லை.

மருந்தும் மருத்துவ முடிவும் மருத்துவருக்கு உரியவை. ஆனால் மருத்துவர் மாணவியைக் காண்பது ஓரிரு முறை. ஆசிரியரோ நாள்தோறும் காண்கிறார். அக்காட்சியை எண்ணாகவும் எழுத்தாகவும் மாற்றி, பதக்க ஆசைக்கும் அளவுகடந்த அச்சத்திற்கும் இடையில் நின்று முடிவெடுப்பவரே விளையாட்டுக் களத்தில் ஆசிரியர்.