கெட்டிக்காரனும் சோம்பேறியும் ஒரே இலக்கணம்தான்

பள்ளியில் நடக்கும் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கு வழக்கறிஞரைப் போலத் தயாராகிச் செல்ல வேண்டும் என்று ஆய்வுலக நண்பர்கள் சிலர் கடந்த சில நாள்களாக எழுதி வருகின்றனர். பிள்ளையைப் பற்றி ஆசிரியர் குறை சொன்னால் உடனே மறுக்க வேண்டுமாம். மறுக்காவிட்டால் அதிகாரத்துக்குப் பணிந்ததாகிவிடுமாம். ஒத்துழைப்பு என்பது படித்த நடுத்தர வர்க்கத்தின் கோழைத்தனம் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். இக்கருத்து பிழையானது என்பதோடு, அது காக்க நினைக்கும் குழந்தைக்கே தீங்கு செய்வது என்றும் கருதுகிறேன். அவ்வாறு தயாராகிச் சென்று தோற்றவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா மகன் தில்லியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்தவன். இரண்டாம் வகுப்பில்தான் தில்லிக்கு வந்தான். சென்ற ஆண்டு அவனுடைய நாட்குறிப்பேட்டில் இந்தி ஆசிரியை தொடர்ந்து மூன்று வாரங்கள் ஒரே குறிப்பை எழுதியனுப்பினார்: 'கவனக்குறைவு. சொல்வதெழுதுதலில் மிகுந்த பிழைகள். வீட்டில் பயிற்சி அளிக்கவும்.' அக்கா கலங்கிப் போனாள். "தம்பி, நீதான் மொழியியல் படித்தவன். நீயே ஒரு பதில் எழுதிக் கொடு" என்றாள். நானும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். குழந்தை அறிவாற்றல் மிக்கவன், வீட்டில் சரளமாகப் படிக்கிறான், தாய்மொழியின் தாக்கம் பற்றிய அடிப்படை அறிவுகூட இல்லாமல் அவனைக் கவனமற்றவன் என்று முத்திரை குத்துவது முறையன்று என்றெல்லாம் எழுதியிருந்தேன். கலைச்சொற்களுக்குக் குறைவில்லை.

அதன் விளைவு இதுதான்: தலைமையாசிரியர் அக்காவையும் அத்தானையும் அழைத்தார். ஆசிரியை கைகட்டி நின்றார். தன் பங்குக்குத் தன்னைக் காத்துக்கொள்ள, அவன் வகுப்பில் சன்னல் வழியே வேடிக்கை பார்த்த நாள்களையெல்லாம் எடுத்துரைத்தார். தனிப்பயிற்சிக்கு அனுப்பும்படி அறிவுறுத்தப்பட்டது. அதற்குப் பிந்தைய இரு வாரங்களும் நாட்குறிப்பேட்டில் எந்தக் குறிப்பும் வரவில்லை. நாங்கள் வென்றதாகச் சில நாள் நினைத்திருந்தோம். உண்மையில், பள்ளிக்குள் அவனைப் பற்றித் தகவல் தந்துகொண்டிருந்த ஒரே வழியை என் கடிதம் அடைத்துவிட்டிருந்தது.

என் கடிதம் ஏன் பயனற்றுப் போனது என்பதற்கு நம் இலக்கணத்திலேயே விளக்கமுண்டு. தமிழில் வினைமுற்று இருவகை. குறிப்பு வினைமுற்று காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. ஒருவனின் தன்மையைச் சொல்லி நின்றுவிடும். தெரிநிலை வினையோ யார், எதைக்கொண்டு, எங்கே, எப்போது, எதைச் செய்தான் என்பவற்றைத் தெரியத் தரும். அந்தப் பாகுபாட்டைச் சற்று விரித்துப் பாருங்கள். 'அவன் கவனமற்றவன்' என்று ஆசிரியை எழுதியது காலமற்ற வாக்கியம். 'அவன் கெட்டிக்காரன்' என்று நான் எழுதியதும் காலமற்ற வாக்கியமே. இரண்டும் குழந்தையின் இயல்பைப் பற்றிய தீர்ப்புகள். ஒரு தீர்ப்பை மற்றொரு தீர்ப்பால் மோதலாம். எதைத் திருத்துவது என்பதற்கு அவ்விரண்டிலும் இடமில்லை. எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, ஆசிரியையின் இலக்கணத்தையே நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சந்திப்புக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்பேட்டை எடுத்துச் சென்றோம். முந்தைய இரவு நானும் அக்காவும் அதைப் பிரித்து வைத்து எண்ணினோம். நான்கு சொல்வதெழுதுதல்கள், ஒவ்வொன்றிலும் இருபது சொற்கள். எண்பதில் முப்பத்து நான்கு பிழை. பிழைகளை வகைப்படுத்தியபோது இருபத்தேழு ஒரே இடத்தில் குவிந்தன. இந்தியில் ககர வரிசையில் மட்டும் நான்கு தடையொலி எழுத்துகள் உண்டு. தமிழில் அவ்விடத்தில் ஒன்றுதான். இந்தப் பதிவைத் தமிழில் எழுதும்போதே அச்சிக்கலை நீங்கள் காணலாம். இந்தியில் உணவுக்கும் பாட்டுக்கும் உள்ள இரு வேறு சொற்களை நான் இங்கே 'கானா' என்று ஒரே வடிவில்தான் எழுத முடிகிறது. அவனும் இரண்டையும் மூச்சொலியற்ற முதல் ககரத்தைக் கொண்டு ஒரே மாதிரி எழுதியிருந்தான்.

அதைவிட முக்கியமானது பிழைகளின் திசை. தமிழில் வல்லெழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லெழுத்தை அடுத்தும் உயிர்களுக்கிடையிலும் மென்மையாகவும் ஒலிக்கிறது. அவனுடைய பிழைகள் இவ்விதியை அப்படியே பின்பற்றின. சொல் முதலில் வரும் மெலிந்த ஒலிகளை வன்மையாக்கியிருந்தான். மின்விசிறியைக் குறிக்கும் சொல்லில் மெல்லெழுத்தை அடுத்து வரும் மூச்சொலியை, நாம் 'சங்கு' என்னும்போது ஒலிக்கும் ககரமாக மாற்றியிருந்தான். உயிர்க்குறிகளில் நான்கே பிழைகள். எஞ்சிய மூன்று, எழுதாமல் விட்ட சொற்கள். கவனக்குறைவு இத்தனை ஒழுங்காக இராது. 1967இல் பிட் கார்டர் கற்போரின் பிழைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அயர்வால் நேரும் தவற்றையும் கற்போரின் உள்விதியிலிருந்து எழும் பிழையையும் பிரித்துக் காட்டியது. முதுகலையில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆனால் கடிதம் எழுதிய நாளில் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

சந்திப்பில் அக்கா மூன்று செய்திகள் மட்டும் பேசினாள். "மேடம், இந்த நான்கு பக்கங்களில் இந்த எழுத்துகளில்தான் பெரும்பாலான பிழைகள் இருக்கின்றன. வீட்டில் நாங்கள் இவ்வளவுதான் பார்க்க முடிந்தது. எழுதும்போது வகுப்பில் அவன் என்ன செய்கிறான் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்." கடைசி வாக்கியம் பணிவுக்காகச் சொன்னதன்று. அது உண்மையிலேயே எங்களுக்குத் தெரியாத செய்தி.

ஆசிரியை சற்று நேரம் குறிப்பேட்டையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது அவன் பிழை செய்வதில்லை. சொல்வதெழுதுதலின்போதுதான் எழுதி, அழித்து, மீண்டும் எழுதுகிறான். அதற்குள் அடுத்த சொல் போய்விடுகிறது. பிறகு சன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான். எழுதாமல் விட்ட மூன்று சொற்களின் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. 'கவனக்குறைவு' என்பது தெரிநிலை வினையாக மாறிய கணம் அது. பின்னர் அவர் கேட்ட கேள்விதான் எங்களைத் தலைகுனிய வைத்தது: "வீட்டில் தமிழா பேசுகிறீர்கள்? சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி இந்தி என்றல்லவா இருக்கிறது?"

படிவத்தை நிரப்பியவர் அத்தான். தமிழ் என்று எழுதினால் இடம் தரத் தயங்குவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதினால் எந்த ஆசிரியரும் முதலில் கவனக்குறைவு என்றுதான் எண்ணுவார். தாய்மொழியின் தாக்கம் தெரியாதவர் என்று நான் எழுத்தில் இகழ்ந்த அந்த ஆசிரியையிடமிருந்து, அக்குழந்தையின் தாய்மொழியையே மறைத்தவர்கள் நாங்கள்.

நான்கு வாரங்களுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவனைக் கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாற்றுவது. குழப்பமான சொற்களைத் தனியே சொல்லாமல், சிறு வாக்கியத்தில் வைத்து இருமுறை சொல்வது. இவை பள்ளியின் பங்கு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுள்ள வகுப்பில் ஒருவனுக்கென்று தனிப்பயிற்சி இயலாது என்பதை ஆசிரியை வெளிப்படையாகச் சொன்னார், நாங்களும் கேட்கவில்லை. வீட்டில், பிழையான சொல்லைப் பத்து முறை எழுதவைப்பதை நிறுத்தினோம். தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணர்வது, உதட்டின் முன் தாள்கீற்றைப் பிடித்து மூச்சொலியில் அது அசைவதைப் பார்ப்பது என நாளும் பத்து நிமிடம் விளையாடினோம். நான்காம் வார முடிவில் இருபது சொற்களுக்கு நான்கு பிழை. சொல் முதலில் வரும் மெலிந்த ஒலிகள் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டன; மூச்சொலிகள் இன்னும் வழுக்குகின்றன. அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆனால் எது எஞ்சியிருக்கிறது என்று இப்போது இரு தரப்புக்கும் தெரியும்.

இத்தகைய எண்ணிக்கை எதிர்த்திசையிலும் உதவும். பிழைகள் இப்படி ஓரிடத்தில் குவியாமல், அசைகள் விடுபட்டும் எழுத்துகள் இடம்மாறியும் பரவியிருந்தால், தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பு திணறினால், தாய்மொழித் தாக்கம் என்ற விளக்கத்தைக் கைவிட்டுக் கேட்புத்திறனையும் கற்றல் குறைபாட்டையும் சோதிக்க வேண்டும். குறிப்பான கற்றல் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அதன்வழிக் கிடைக்கும் சலுகைகளுக்கும் ஆசிரியரின் கூர்நோக்கே முதற்சான்று. 'என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை' என்று தற்காத்துக்கொள்ளும் பெற்றோர் இழப்பது இந்தச் சான்றைத்தான்.

ஒத்துழைப்பு பணிதல்தானே என்போருக்கு ஒரு விடை. ஆசிரியர் அடித்தாலோ, சாதியையோ மொழியையோ சொல்லி இழிவுபடுத்தினாலோ குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரச் சொல்ல மாட்டேன். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அங்கே எழுத்துமூலமான புகார்தான் வழி. ஆனால் கற்றலில் நேரும் இடர் குற்றமன்று. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாக்கியிருக்கிறது. 'வகுப்பில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்' என்று கேட்பவர் கெஞ்சவில்லை, தமக்குரியதைக் கேட்கிறார்.

வழக்காடும் முறை யாருக்குக் கைகொடுக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுத ஆய்வாளர் தம்பி இருக்கும் வீடுகளுக்குத்தான். அக்கா குடியிருக்கும் தெருவிலேயே வீட்டு வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கின்றனர். ஆசிரியரோடு வாதிட அவர்களுக்கு இந்தியும் வராது, நேரமும் கிடைக்காது. ஆனால் குறிப்பேட்டைத் திறந்து ஒரே எழுத்தில் விழுந்த சிவப்புச் சுழிகளைச் சுட்டிக்காட்ட அவர்களால் இயலும். அதிகாரச் சமத்துவம் பேசுகிற நாம் எந்த முறையைப் பரிந்துரைக்க வேண்டும்?

நாங்கள் அடுத்து செய்தது ஒன்றுதான். அத்தான் பள்ளி அலுவலகத்துக்குப் போய், வீட்டு மொழி என்ற கட்டத்தில் இந்தியை அடித்துவிட்டுத் தமிழ் என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்தார்.