குளோரினைத் திட்டுவதற்கு முன்

"நீச்சல் குளத்துத் தண்ணீர் தோலைக் கெடுத்துவிடும்" என்று சொல்லி, அறுபதைத் தாண்டிய பலர் நீச்சலையே விட்டுவிடுகிறார்கள். முட்டி வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியாக இருந்தாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளோரின் தோலை உலர்த்துவது உண்மைதான். ஆனால் உலர்ந்த தோலை அரிப்பு வரை கொண்டு போய்விடுவது, கரையேறிய பிறகு நாம் செய்யும் காரியங்கள்.

நம் தோலின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். குளோரின் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறினால் அது கொஞ்சம் கரைந்துபோகும். இளைஞர்களுக்குச் சீக்கிரம் மறுபடி ஊறிவிடும். வயதானால் எண்ணெய்ச் சுரப்பு குறைவு, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் குறைவு. முழங்காலுக்குக் கீழே எல்லோருக்குமே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. அரிப்பு முதலில் அங்கே தொடங்குவது அதனால்தான்.

கடல் நீரின் கதை வேறு. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நனைந்திருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. உடம்பு காய்ந்ததும் உப்பு தோலிலேயே தங்கிவிடும். அதோடு மணலும் ஆடையும் உரசும்போதுதான் எரிச்சல் வரும். ஆகவே உப்பைக் காயவிடாமல் கழுவ வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறவர்கள் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் நல்ல தண்ணீர் கொண்டுபோனால், வீடு வந்து சேரும் வரைக்கும் அது போதும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், வயது 67. முட்டிக்காக வாரம் மூன்று நாள் நீந்தத் தொடங்கினார். ஒரு மாதத்தில் இரண்டு கணுக்கால்களுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில், இரவில் அரிப்பு. "முட்டி சரியாகுது சார், தோல் போகுது" என்றார். அவர் வழக்கத்தைக் கேட்டேன். துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வருவார். முக்கால் மணி கழித்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், உடம்பு முழுக்க சோப்பு, நார் போட்டுத் தேய்ப்பு, கடைசியில் பவுடர். மிச்சமிருந்த எண்ணெயையும் அவரே எடுத்துவிட்டார்!

அவர் மாற்றிக்கொண்டது இவ்வளவுதான். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் ஒரு நிமிடம் குளிப்பது. கரையேறியதும் அங்கேயே இரண்டு மூன்று நிமிடம் சாதாரணத் தண்ணீரில் அலசுவது. நீச்சல் உடையைக் கழற்றிவிட்டு, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு எல்லாம் விடாமல் அலச வேண்டும். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். முகத்துக்கு வெறும் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் பூசுவது. ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கத்தான் கிரீம். காய்ந்த தோலில் பூசினால் பலன் குறைவு.

அளவு என்ன? ஆட்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய கிரீம் ஓர் அளவு. முகம், கழுத்துக்கு இரண்டரை, ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு. நம்மில் பெரும்பாலோர் ஒரு காலுக்கான கிரீமை உடம்பு முழுக்கப் பூசுகிறோம். கிரீம் விலை கட்டுப்படியாகாது என்றால் கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய் போதும், அதையும் ஈரத்தோலில்தான் பூச வேண்டும். பூசும்போது நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், எண்ணெய்ப் பாதத்தோடு குளியலறையில் நடக்க வேண்டாம். குளத்தில் இறங்கும் முன் எண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள். அது தண்ணீரைக் கெடுக்கும், குளோரினையும் வீணாக்கும்.

முன்குளியலை யாரும் மதிப்பதில்லை என்பதே என் பெரிய குறை. மூக்கைத் துளைக்கும் அந்தக் குளத்து வாசனை, குளோரின் அதிகம் என்பதற்கு அடையாளம் அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாசனை அது. கண்ணையும் தோலையும் உறுத்துவது அதுதான். ஆக, நான் குளிக்காமல் இறங்கினால் அரிப்பது பக்கத்தில் நீந்துகிறவருக்கு.

நண்பருக்கு மூன்று வாரத்தில் அரிப்பு நின்றது. எல்லோருக்கும் இது போதாது. இரண்டு கால்களிலும் ஒரே மாதிரிச் செதில் என்றால் பெரும்பாலும் வறட்சி. ஓரம் சிவந்து வட்டமாகப் படர்ந்தாலோ, விரல் இடுக்கு வெளுத்து ஊறினாலோ பூஞ்சையாக இருக்கலாம், கிரீமால் தீராது. சர்க்கரை உள்ளவர்கள் காலில் வெடிப்பு கண்டால் குளத்துக்குப் போகும் முன் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் நீச்சலை விடுவதற்கு முன், வெந்நீரையும் நாரையும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.