கேம் வாங்கியாச்சு... ஆன்லைனுக்கு ஏன் தனிக் கட்டணம்?

பிளேஸ்டேஷன் 5-ல் கால்பந்து கேம் டிஸ்க்கைப் போட்டதும், நண்பனோடு ஆன்லைனில் விளையாட 'பிளேஸ்டேஷன் பிளஸ்' சந்தா கேட்கிறது. 'டிஸ்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் பணம் கட்டியாச்சே, இது எதுக்கு?' என்று அம்மா கேட்பது நியாயம்தான்.

பிளேஸ்டேஷன் 3-ல் ஆன்லைன் ஆட்டம் இலவசம். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல்தான் சந்தா கட்டாயமானது. கன்சோலை விற்பதில் பெரிய லாபம் கிடையாது. மாதாமாதம் வரும் சந்தாதான் நிலையான வருமானம். கம்ப்யூட்டர் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாததால், அங்கே இப்படி வசூலிக்க முடிவதில்லை.

சந்தாவில் வேறென்ன உண்டு? ஒவ்வொரு மாதமும் சில கேம்கள், கடையில் தள்ளுபடி, கிளவுட் சேமிப்பு. கன்சோல் பழுதானாலும், கிளவுடில் சேமித்திருந்தால் விளையாடிய இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால், மாத கேம்கள் சொந்தமாகிவிடாது. சந்தா நின்றால் அவையும் பூட்டிக்கொள்ளும். மறுபடி கட்டினால் திறக்கும்.

பணம் கட்டும் முன் பிள்ளை எதை விளையாடுகிறான் என்று பாருங்கள். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்குச் சந்தா தேவையில்லை. ஒரே சோபாவில் அண்ணனும் தம்பியும் மோதவும் தேவையில்லை. ஒரே கன்சோலில் இருவரும் தனித்தனி கணக்கு வைத்திருந்தாலும் இரண்டு சந்தா வேண்டாம். சந்தா உள்ள கணக்கின் செட்டிங்ஸில் 'Console Sharing and Offline Play' இயக்கத்தில் இருந்தால் போதும்.

கட்டிய கையோடு தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். பரீட்சை மாதத்தில் கார்டிலிருந்து பணம் போகாது!