வட்டி குறைந்தால் யாருக்கு, விலை ஏறினால் யாருக்கு?

2024 அக்டோபரில் நாட்டின் பணவீக்கம் 6.21 சதவீதம். உணவு விலையேற்றம் மட்டும் 10.87. இந்தக் கணக்கு வெளியான இரண்டே நாளில், ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்க வேண்டும் என்றார் ஒன்றிய வணிகத் துறை அமைச்சர் பியூஷ் கோயல். வட்டியை முடிவு செய்யும்போது உணவு விலையைப் பார்ப்பதே தவறான கோட்பாடு என்றும் சொன்னார். அன்றைய விலைவாசிக் குறியீட்டில் கிட்டத்தட்ட 46 சதவீதம் உணவுதான்!

திருப்பூரில் இருந்து இதைப் பார்க்கிறேன். சிறு பனியன் கம்பெனிகளின் வங்கிக் கடன் பெரும்பாலும் ரெப்போ வட்டியோடு இணைந்தது. ரெப்போ குறைந்தால் சில மாதங்களில் முதலாளியின் தவணை குறையும். அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் செக்கிங் டேபிளில் நிற்கும் தலித் பெண் வாங்கியிருப்பது கந்துவட்டி. அதை ரெப்போ தொடாது. மலிவான கடன் தூண்டிவிடும் விலையேற்றம் அவர் அடுப்படிக்கு வர ஓராண்டுக்கு மேலாகலாம். கூலி ஒப்பந்தமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். லாபம் தேர்தலுக்கு முன், விலை தேர்தலுக்குப் பின் என்றால் எந்த அரசுக்குத்தான் ஆசை வராது?

ரூபாயின் மதிப்பு சரிந்தால் ஏற்றுமதியாளர் பெறும் லாபம் உழைப்பவரின் கூலியிலிருந்தே வருகிறது என்று அம்பேத்கர் 1923-லேயே வாதிட்டார். நாணயத்தை ஆள்வோரின் விருப்பத்துக்கு விடக் கூடாது என்பது அவர் நிலை.

அதற்காக ரிசர்வ் வங்கி நம் ஆள் என்று நான் சொல்லவில்லை. வட்டியை முடிவு செய்யும் ஆறு பேர் குழுவில் மூவரை ஒன்றிய அரசே நியமிக்கிறது. தொழிலாளர் பிரதிநிதிக்கென்று அதில் ஓர் இடம்கூடக் கிடையாது.