கட்டம் கட்டமா வந்தா அது தமிழோட குத்தமாய்யா?

"டேஷ்போர்டுல தமிழ் வேணாம், அனுப்புற படத்துல எல்லாம் கட்டம் கட்டமா வருது, தலைப்பை இங்கிலீஷ்ல மாத்திடுங்க"ன்னு தீர்ப்பு சொல்ற பெரிய மனுசங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

ஒரே ஒரு கேள்வி. அதே டேஷ்போர்டு உங்க உலாவியில மட்டும் எப்படி ஒழுங்காத் தெரியுது? உங்க விண்டோஸ்ல நிர்மலா எழுத்துரு இருக்கு, அதனால தெரியுது. ஆனா மெயில்ல வர்ற படத்தை வரையறது உங்க கணினி இல்லை சாமி. கிராஃபானா மாதிரி மென்பொருள், சர்வர்ல திரையில்லாம ஓடுற குரோமியத்தை வெச்சு வரையுது. அந்தக் கன்டெய்னர்ல தமிழ் எழுத்துருவே இல்லேன்னா அது என்ன பண்ணும், பாவம்? கட்டம்தான் போடும். தரவுல தமிழ் பத்திரமாத்தான் இருக்கு.

சந்தேகமா? படம் வரையற கன்டெய்னருக்குள்ள போய் இதை அடிங்க:

```
fc-list :lang=ta
```

ஒண்ணுமே வரலையா? அதான் வியாதி. டெபியன் வழி வந்த கன்டெய்னர்னா மருந்து இது:

```
RUN apt-get update && apt-get install -y fonts-noto-core
```

இதை டாக்கர்ஃபைல்லயே எழுதிடுங்க. ஓடிக்கிட்டிருக்கிற கன்டெய்னர்ல நிறுவினா, அடுத்த தடவை புதுசா ஏத்தும்போது எழுத்துரு போயிடும், கட்டம் திரும்ப வந்துடும்.

கட்டத்துக்குப் பதிலா கேள்விக்குறி வந்தா அது குறியாக்கக் கோளாறு. கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னா, எழுத்துரு இருக்கு, எழுத்தைக் கோக்குற நிரல் இல்லைன்னு அர்த்தம். பைத்தான் பில்லோவுல `libraqm` இல்லாம வரைஞ்சா அப்படித்தான் வரும். இந்த ரெண்டுக்கும் மேல சொன்ன மருந்து கேக்காது.

ஒரு வரி எழுத சோம்பல்பட்டுட்டு தமிழ்த் தலைப்பைத் தூக்கச் சொல்றது என்னங்க நியாயம்? மறுக்கிறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, பேசிக்கலாம்.